நினைவஞ்சலியில் நான்கு வரிகள்

நாளிதழின் உட்பக்கம் ஒன்றில், சந்தை நிலவரத்துக்கும் மணமகன் தேவைக்கும் அருகே, கறுப்புக் கட்டத்துக்குள் வரிசையாக நிற்கும் நினைவஞ்சலி விளம்பரங்களை நிதானமாகப் படித்துப் பார்க்கிறவர்கள் மிகச் சிலரே. நான் படிப்பேன். மேலே ஒரு புகைப்படம்; அதன் இருபுறமும் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள்; நடுவில் முதலாம் ஆண்டு அல்லது ஐந்தாம் ஆண்டு நினைவஞ்சலி என்ற தலைப்பு; அதன் கீழே அன்பின் சிகரமே, பண்பின் உறைவிடமே, பாசத்தின் பிறப்பிடமே என்று தொடங்கி, ஆண்டுகள் உருண்டோடினாலும் உங்கள் நினைவு எங்கள் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை என்று முடியும் நான்கு வரிகள்; கடைசியாக, நீங்கா நினைவில் வாடும் மனைவி, மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் என்ற நீண்ட பெயர் வரிசை. ஒரே பக்கத்தில் ஆறு கட்டங்கள் இருந்தால் ஆறிலும் ஏறத்தாழ இதே சொற்கள் இருக்கக் காணலாம். அச்சுக் கோப்பில் ஏதோ பிசகு நேர்ந்து இரண்டு கட்டங்களின் நடுவரிகள் மட்டும் இடம் மாறிப்போயிருந்தால், அந்தக் குடும்பத்தார்கூட அதைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். அவ்வரிகளில் அவர்கள் வீட்டு மனிதர் இல்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்பது ஒன்றும் ரகசியமில்லை. எங்கள் ஊர் அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரிப் புத்தகம் இருப்பதுபோலவே அஞ்சலிச் சுவரொட்டிக்கும் ஒன்று இருக்கிறது. வருகிறவர் பக்கங்களைப் புரட்டி ஒன்றைச் சுட்டிக்காட்டுவார். அச்சகத்தார் பெயரையும் தேதிகளையும் மாற்றிக்கொடுத்துவிடுவார். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்தவன் என்ற காரணத்தால், மாதிரிப் புத்தகத்தில் திருப்தியடையாத சிலர் என்னைத் தேடி வருவதுண்டு. வருகிறவர்களிலும் பெரும்பாலோர் கேட்பது, அதே வாக்கியங்களை இன்னும் கொஞ்சம் அழகாக, எதுகை மோனையோடு எழுதித் தரவேண்டும் என்பதைத்தான்.

சம்பிரதாயமான வாசகங்களை முற்றாக வெறுப்பவன் அல்லன் நான். மரணம் நிகழ்ந்த அன்று, வாசலில் பந்தல் போட்டு, உறவினருக்குச் சொல்லி அனுப்பி, சவுண்டிக்கும் வாத்தியத்துக்கும் ஏற்பாடு செய்துகொண்டிருக்கும் வேளையில், ஒரு மகனைப் பிடித்து உட்காரவைத்து உன் தகப்பனாரைப் பற்றி உண்மையாக நான்கு வரி சொல் என்று கேட்பது கொடுமை. அந்த நேரத்தில் பழகிய வாசகங்கள் பெரிய ஒத்தாசை. இன்னார் இயற்கை எய்தினார், இன்ன நேரத்துக்கு இறுதி ஊர்வலம் புறப்படும் என்ற தகவல்தான் அன்றைக்கு வேண்டியது. அதைச் சுற்றி எந்தச் சொல் இருந்தாலும் ஒருவரும் குறைசொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு வருஷம் கழித்து நிலைமை வேறு. தலைத்திவசம் நெருங்கும்போது வீட்டில் துக்கத்தின் கூச்சல் அடங்கி, இறந்தவர் ஒரு முழு மனிதராகத் திரும்பவும் ஞாபகத்தில் எழத் தொடங்கியிருப்பார். அவருடைய கோபம், ருசி, நடை, தும்மல் எல்லாம் தனித்தனியாக நினைவுக்கு வரும் காலம் அது. அந்தச் சமயத்தில் போய், முதல் நாள் போட்ட சுவரொட்டியின் வாசகத்தையே மறுபடி எழுதுவதுதான் எனக்குச் சம்மதமில்லாத காரியம்.

இறந்தவரைப் பழக்கத்தால் நினைவுகூர்வது தமிழுக்குப் புதியதன்று. அதியமான் நெடுமான் அஞ்சி போரில் பட்டபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு ஒன்று புறநானூற்றில் 235ஆம் பாட்டாக இருக்கிறது. வீரத்திலும் கொடையிலும் அத்தனை பெரிய மன்னனைப் பற்றிப் பாட வந்த அந்தப் பெருமாட்டி முதலில் எதைச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் தான் குடிக்காமல் எங்களுக்குத் தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட மகிழ்ந்து தானும் குடிப்பான் என்று ஆரம்பிக்கிறார். சோறு கொஞ்சமானாலும் நிறையவானாலும் பலரோடு கலந்து உண்பதையும், எலும்போடு கூடிய நல்ல தசைத்துண்டுகளை எங்களுக்கே தந்துவிடுவதையும், நரந்தப்பூ மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பதையும் சொல்கிறார். அம்பும் வேலும் பாயும் இடத்தில் தானே முன்னால் நிற்பான் என்பதும் அந்தப் பாட்டில் உண்டு. ஆனால் அது சோற்றுக்கும் தலை தடவுதலுக்கும் நடுவே, அவற்றைப் போலவே அவனுடைய இன்னொரு வழக்கமாக வந்து போகிறது. வள்ளல் என்று ஒரு சொல்லால் முடித்திருக்கலாம். அப்படி முடித்திருந்தால் அந்தக் காலத்து வள்ளல்களில் அவனும் ஒருவனாகப் போயிருப்பான். கள் குறைவாக இருந்த மாலையில் அவன் என்ன செய்தான் என்பதை அந்த அம்மையார் கவனித்து வைத்திருந்ததால், அவன் அதியமானாகவே இன்றும் நம்முன் உட்கார்ந்திருக்கிறான்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆநிரைப் பூசலில் உயிர்நீத்த வீரன் ஒருவனுக்காக எடுக்கப்பட்ட அந்தக் கல்லில், அவனுக்குப் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் இருந்தது என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். கல்லில் எழுத்து வெட்டுவது கூலியும் உழைப்பும் பிடிக்கும் வேலை. ஒவ்வொரு எழுத்தும் உளியால் பிறக்க வேண்டியது. அப்படியிருந்தும் அந்த ஊரார் நாயின் பெயருக்கு இடம் கொடுத்தார்கள். பத்திரிகை விளம்பரத்தில் இடம் போதாது என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்தக் கல்லைத்தான் காட்டுவேன். பொதுவான புகழ்ச்சிக்கு இடம் இருக்குமானால் பிரத்தியேகமான ஒரு செய்திக்கும் அதே இடம் போதும்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஒரு சந்தர்ப்பத்தை விவரமாகச் சொல்வது நல்லது. கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருந்த ஒருவருடைய முதலாண்டு நினைவஞ்சலி அது. அவர் பெயர் இங்கே வேண்டாம். கடைக்காரர் என்றே குறிப்பிடுகிறேன். வெண்கலப் பானை, பித்தளைக் குடம், அடுக்கு, தாம்பாளம், குத்துவிளக்கு என்று ஆரம்பித்து, பிற்காலத்தில் எவர்சில்வருக்கும் இடம் கொடுத்த பழைய கடை. அவருடைய மூத்த மகன் கொண்டுவந்து காட்டிய வாசகம் மாதிரிப் புத்தகத்திலிருந்து எடுத்தது. அதில் உழைப்பின் சின்னம், நேர்மையின் இலக்கணம் என்ற இரண்டு தொடர்களைத் தாமாகவே சேர்த்திருந்தார். இதைக் கொஞ்சம் செப்பம் செய்து கொடுங்கள் ஐயா என்றார். அவர் பொய் எதுவும் எழுதிவிடவில்லை. தகப்பனார் நேர்மையாகத்தான் வியாபாரம் செய்தார். ஆனால் அந்தக் கடைத்தெருவில் நேர்மையாக வியாபாரம் செய்த வேறு பத்துப் பேரை எனக்கே தெரியும். அவர்களில் எவருடைய படத்தையும் அந்த வாசகத்தின் மேலே ஒட்டிவிடலாம்.

செப்பம் செய்வதற்குமுன் வீட்டாரிடம் பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அங்கே என்ன கேட்பது என்பதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால், நல்லவர், தங்கமானவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர் என்று சுவரொட்டி வாசகமே பேச்சாகத் திரும்பிவரும். கேள்வியே அந்த விடையைத் தன்னுள் வைத்துக்கொண்டிருக்கிறது. அவர் என்ன செய்வார் என்று கேட்க வேண்டும். காலையில் எழுந்ததும் முதலில் எதைத் தொடுவார், சாப்பிட உட்கார்ந்ததும் என்ன செய்வார், கடையிலிருந்து வந்து சட்டையை எங்கே மாட்டுவார், எந்தச் சத்தத்தைக் கேட்டால் அவர் வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வீர்கள், அவர் போன பிறகு வீட்டில் எந்தப் பொருளைத் தொட ஆளில்லை என்று இப்படியெல்லாம் விசாரித்தால், முதலில் சற்றுத் தயங்கினாலும், பிறகு ஒருவர் சொல்வதை இன்னொருவர் திருத்தத் தொடங்குவார். அந்தத் திருத்தல் ஆரம்பித்துவிட்டால் நான் பேசுவதை நிறுத்திவிடுவேன். இல்லையில்லை, இடது கையால் இல்லை, வலது கையால்தான் என்று யாராவது சொன்னால், அங்கே உண்மையான ஒரு மனிதர் நடமாடத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம்.

அன்றைக்கு வந்த விஷயங்கள் பல. கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்க வரும் ஏழைக் குடும்பங்களுக்குக் கடனாகக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் கேட்கமாட்டார் என்றார் மூத்த மகன். அது மெய், ஆனால் அது கொடைக் குணத்துக்கு வேறொரு பெயர் என்பதால், எழுதியதும் பழைய வாசகத்தின் பக்கத்திலேயே போய் நின்றுவிடும். மேலும் கடன் வாங்கிய குடும்பங்கள் அதே ஊரில் இருக்கின்றன. பத்திரிகையைப் பார்த்து அவர்கள் மனம் சங்கடப்படக்கூடாது. காவிரியில் வெள்ளம் வந்த ஒரு வருஷத்தில் கடைச் சரக்கையெல்லாம் தலையில் சுமந்து மாடியேற்றிய கதையைத் தம்பி முறைக்காரர் ஒருவர் விஸ்தாரமாகச் சொன்னார். கேட்கச் சுவையாக இருந்தது. ஆயினும் அது ஒரு நாள் நடந்த சம்பவம். சம்பவத்தைச் சொல்ல முன்கதை வேண்டும், பின்கதை வேண்டும், நான்கு வரி போதாது. தவிர, ஒருமுறை நடந்தது அந்த ஒரு நாளின் அவரைத்தான் காட்டும். பழக்கம் என்பது ஆயிரம் நாள் நடந்ததை ஒரே வாக்கியத்தில் அடக்கித் தந்துவிடுகிறது. அதனால்தான் சிறிய இடத்துக்கு அது பொருத்தமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டாரோடு சாக்கடைத் தண்ணீர் விஷயமாக அவர் பல வருஷம் பேசாமல் இருந்ததையும் ஒருவர் எடுத்தார். வீட்டு அம்மாள் கண்ணால் ஜாடை காட்டவே நிறுத்திக்கொண்டார். அது பழக்கம்தான், பிரத்தியேகமானதும்தான். எனினும் இறந்தவர் திரும்பிவந்து பதில் சொல்ல முடியாத இடத்தில் அவருடைய பிணக்குகளை எழுதுவது தர்மமாகாது. படித்தால் அவர் சினந்திருப்பாரா, சிரித்திருப்பாரா என்று வீட்டார் தங்களுக்குள் கேட்டுக்கொண்டால் இதற்குத் தெளிவான விடை கிடைத்துவிடும். இன்னொரு செய்தி மிக நுட்பமானது: இரவில் தாம் உறங்கப் போகுமுன் அவர் ஒரு குறிப்பிட்ட முறையில் கதவுத் தாழ்ப்பாளைப் போடுவார் என்று அந்த அம்மாள் சொன்னார். ஆனால் அதை அவர் ஒருவரே அறிவார். பிள்ளைகளின் முகத்தில் எந்த அசைவும் இல்லை. விளம்பரத்தின் அடியில் பதினான்கு பேருடைய பெயர் வரப்போகிறது. ஒருவர் மட்டும் அறிந்த ஞாபகம் அவரிடமே தங்கியிருப்பதுதான் அதற்கு மரியாதை என்று எனக்குப் பட்டது.

இப்படிப் பேசிக்கொண்டிருக்கையில் காபி வந்தது. டம்ளரை எடுத்துக்கொடுத்த மகள், அப்பா இருந்தா இதுக்குள்ள ஒரு தட்டுத் தட்டியிருப்பார் என்றாள். அவ்வளவுதான்; கூடத்தில் இருந்த எல்லாரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள்.

பாத்திரக் கடைக்காரர்கள் எல்லாருமே பாத்திரத்தைச் சுண்டிப் பார்ப்பார்கள். செம்பும் வெள்ளீயமும் உருக்கிச் சேர்த்த வெண்கலம் நன்றாக வார்க்கப்பட்டிருந்தால் நெடுநேரம் நின்று ஒலிக்கும். எங்கேனும் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஓசை பிளந்து, கரகரத்து, சட்டென்று நின்றுவிடும். செம்போடு துத்தநாகம் சேர்ந்த பித்தளையின் ஓசைக்கு அவ்வளவு நீளம் கிடையாது. பாத்திரத்தை முழுக் கையாலும் பற்றிக்கொண்டு தட்டினால் கைச்சதை அதிர்வை விழுங்கிவிடும் என்பதால், விரல் நுனிகளில் ஏந்திக்கொண்டுதான் சுண்ட வேண்டும். இவ்வளவும் தொழில் அறிவு. அதில் அவருடைய பிரத்தியேகம் ஒன்றுமில்லை. மற்றவர்கள் ஒரு தட்டுத் தட்டி, சரக்கு நல்ல சரக்கு என்று சொல்லிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். இவரோ சுண்டிய பிறகு, அந்த ஓசை தேய்ந்து தேய்ந்து முற்றிலும் ஒழியும்வரை கண்ணை ஓரிடத்தில் நிறுத்திக் காத்திருப்பாராம். நடுவில் வாங்க வந்தவர் விலை கேட்டாலும், கணக்கப்பிள்ளை ஏதாவது சொன்னாலும், இடது கையில் பாத்திரம் இருக்க, வலது கையை லேசாக உயர்த்திக் காட்டுவார். ஓசை முடிந்த பிறகுதான் பதில். தை மாதத்து முகூர்த்த நெரிசலிலும் இதில் மாற்றம் கிடையாது. சோதிக்கத் தேவையே இல்லாத எவர்சில்வர் டம்ளருக்கும், வீட்டில் காபி ஊற்றுவதற்கு எடுத்த வெறும் டவராவுக்கும் இதே உபசாரம் நடந்தது. பேத்தி சமையலறையில் தட்டைக் கீழே போட்டுவிட்டால், மற்றவர்கள் யார் அது என்று கத்துவதற்குமுன் அவர் கை உயர்ந்துவிடும். தட்டு சுழன்று ஓயும்வரை வீடு முழுவதும் பேசாமல் நிற்கும்.

இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் அறிந்தது. கடைக்கு வந்தவர்களும் அறிந்தது. எத்தனையோ வருஷம் தினந்தோறும் நடந்தது. வேறு யாருடைய படத்தின் கீழும் ஒட்ட முடியாதது. அவருடைய நேர்மை என்று மகன் எழுதியிருந்தாரே, அதுவும் இதற்குள் தன்பாட்டில் அடங்கியிருக்கிறது.

ஆனாலும் பழக்கம் கிடைத்துவிட்டது என்பதற்காக வாசகம் தானாக அமைந்துவிடுவதில்லை. இளைய மகன் அன்றிரவே எழுதிக்கொண்டு வந்த முதல் பிரதி இப்படி இருந்தது: பாத்திரத்தின் ஓசையை வைத்தே அதன் தரத்தை அறியும் அபார ஆற்றல் படைத்த எங்கள் தந்தையே, உங்கள் பொறுமையும் தொழில் பக்தியும் எங்களுக்கு என்றும் வழிகாட்டி. விஷயம் புதியது, வாக்கியம் மட்டும் மாதிரிப் புத்தகத்து வாக்கியம். ஆற்றல், பொறுமை, பக்தி என்று மூன்று குணப்பெயர்கள் நுழைந்ததுமே கை, விரல், பாத்திரம் மூன்றும் வெளியேறிவிட்டன. குணத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் படிக்கிறவர் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. எழுதி முடித்த வாசகத்தில் சிகரம், இலக்கணம், வழிகாட்டி, பக்தி முதலிய சொற்களைக் கோடிட்டு அடித்துவிட்டு, மீந்ததில் ஒரு செயல் இருக்கிறதா என்று பார்ப்பது நான் எப்போதும் செய்யும் சோதனை. அந்தப் பிரதியில் அடித்தபின் மீந்தவை ஓசையும் பாத்திரமும் மட்டுமே. செயல் செய்யும் ஆள் காணோம்.

இரண்டாம் பிரதியில் வினைமுற்றைப் பற்றி ஒரு யோசனை வந்தது. சுண்டிப் பார்த்தார் என்றால் ஒருநாள் நடந்ததாகிவிடும். சுண்டிப் பார்க்கும் வழக்கம் உடையவராக இருந்தார் என்றால் காவல் நிலையத்து அறிக்கைபோலக் கனத்துவிடும். சுண்டிப் பார்ப்பார் என்று வீட்டில் பேசுகிறபடியே எழுதிவிட்டால், பலநாள் வழக்கமும் அதில் வந்துவிடும், இன்று மாலையும் அவர் அதைச் செய்யக்கூடும் என்ற சாயலும் தங்கும். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது நம் வீட்டுப் பெண்கள் இயல்பாகவே எதிர்கால வினையில்தான் பேசுகிறார்கள். அவர் மோர் சாதத்துக்கு ஊறுகாய் கேட்கமாட்டார், வெயில் காலத்தில் திண்ணையில்தான் படுப்பார் என்பார்கள். எழுத உட்கார்ந்ததும் அதை விட்டுவிட்டு இறந்தகாலத்துக்குத் தாவுகிறோம்.

விளிப்பதா, படர்க்கையில் சொல்வதா என்பதும் கேள்வியாயிற்று. அப்பா, நீங்கள் சுண்டிப் பார்ப்பீர்களே என்று அவரைப் பார்த்தே பேசினால், அவருக்குத் தெரிந்ததை அவருக்கே சொல்வதாகிறது. தவிர, விளியைத் தொடர்ந்து வியப்புக்குறியும், வியப்புக்குறியைத் தொடர்ந்து கண்ணீரும் தாமாக வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே படிக்கிற ஊராருக்குச் சொல்வதுபோல எழுதுவது என்று தீர்மானித்தோம். பேத்தியைப் பற்றிய பகுதியில், பேத்தி தட்டைப் போட்டாலும் கோபிக்கமாட்டார் என்று ஒருவர் சேர்த்திருந்தார். கோபிக்கமாட்டார் என்ற சொல் அவருக்கு நற்சான்று வழங்கப் புறப்படுவதால் அதை எடுத்துவிடச் சொன்னேன். கையை உயர்த்தினார் என்பதிலேயே கோபம் இல்லாமை தெரிகிறது. கடைசியில் நின்ற வாசகம் இது:

கடையிலிருந்து ஒரு பாத்திரம் வெளியே போகுமுன் அப்பா அதை விரல் நுனியில் ஏந்தி ஒருமுறை சுண்டுவார். ஓசை முழுவதும் அடங்கும்வரை யாருக்கும் பதில் சொல்லமாட்டார். வீட்டில் பேத்தி தட்டைக் கீழே போட்டாலும் கையை உயர்த்தி எங்களை நிறுத்திவிட்டு, அது ஓயும்வரை கேட்பார்.

இதற்குமேல் ஒரு வரி வேண்டாமா, இன்று எங்கள் வீட்டில் அந்த ஓசை இல்லை என்று முடிக்கலாமே என மூத்த மகன் கேட்டார். அது உருக்கமான வரி. எந்த வீட்டுக்கும் பொருந்துகிற வரியும்கூட. அவர் கை உயர்த்தி நின்ற இடத்தில் வாசகம் நின்றுவிட்டால், மேலே இருக்கும் படமும் மறைவுத் தேதியும் மிச்சத்தைச் சொல்லிக்கொள்ளும். சற்று நேரம் யோசித்துவிட்டு அவர் ஒப்புக்கொண்டார்.

எளிதில் ஒப்புக்கொள்ளாதவர் கடைக்காரரின் அண்ணன். எண்பது கடந்த பெரியவர். விளம்பரத்தில் போய்த் தட்டு விழுந்தது, டம்ளர் விழுந்தது என்றா போடுவார்கள், நாலு பேர் என்ன நினைப்பார்கள், என் தம்பிக்கு அன்பின் சிகரம் என்று போடக்கூடக் கொடுத்துவைக்கவில்லையா என்று கேட்டார். அவருடைய கேள்வியை லேசாக ஒதுக்கிவிட முடியாது. அன்பின் சிகரம் என்பது அவருக்கு வெறும் சொல் அன்று. ஊரில் மரியாதையான குடும்பங்கள் எல்லாம் தங்கள் பெரியவர்களுக்குச் சாத்துகிற பொன்னாடை அது. தம்பிக்கு மட்டும் அது இல்லாமற்போவது குறைவு என்று அவர் உள்ளம் நினைத்தது. அவரிடம் விவாதம் செய்வதில் அர்த்தமில்லை. வாசகத்தை மகள் உரக்கப் படித்துக் காட்டினாள். கேட்டுவிட்டு, சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான், கோயில் மணி அடித்தால் அது நிற்கும்வரைக்கும் நடக்கமாட்டான், பள்ளிக்கூடத்துக்கு என்னோடு வரும்போது அதனாலேயே நேரமாகிவிடும் என்றார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாத செய்தி அது. அதையும் சேர்க்கலாம் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். நான்காவது வாக்கியம் வந்துவிட்டால் மூன்றும் பட்டியலாகிவிடும். அவர் திருப்திக்காகத் தலைப்பின் கீழே தெய்வத்திரு என்ற அடைமொழியையும், அடியில் நீங்கா நினைவில் வாடும் என்ற பழைய தொடரையும் மாற்றாமல் வைத்துக்கொண்டோம். பெயர் வரிசையும் வழக்கப்படியே மனைவி, அண்ணன், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று இருந்தது. சட்டகம் பழையதாக இருந்தால் பெரியவர்கள் மனம் ஆறும்; நடுவில் உள்ள மூன்று வாக்கியங்கள் மட்டும் உண்மையாக இருந்தால் எனக்குப் போதும்.

இடத்தைப் பற்றிய கவலையும் தீர்ந்தது. விளம்பரத்துக்குச் சதுர சென்டிமீட்டர் கணக்கில்தான் கட்டணம். பழைய வாசகத்தை எண்ணிப் பார்த்தபோது புதியதைவிட ஏழெட்டுச் சொற்கள் கூடுதலாகவே இருந்தன. ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை வேண்டியிருந்தது. மறைந்த தேதியை வைத்துப் பத்திரிகையில் ஒரு நாளும், மாதம் பட்சம் திதி பார்த்து வீட்டில் சிராத்தம் வேறொரு நாளும் வருவதால், திதியன்று சாப்பிட வரவேண்டிய உறவினர் விளம்பரத்தைப் பார்த்துக் குழம்பிவிடுவார்கள். திதி நாளைத் தனியாக ஒரு வரியில், வாசகத்தோடு கலக்காமல், கட்டத்தின் அடியில் போடச் செய்தோம். யாழ்ப்பாணத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிட்டு வழங்கும் கல்வெட்டு என்ற நினைவுச் சிறுநூல்களில் திதிக்கென்றே ஒரு வெண்பா பாடி முதலில் வைத்துவிடுவார்கள்; நாளைச் சொல்வது வேறு வேலை, மனிதரைச் சொல்வது வேறு வேலை என்பதை அவர்கள் எப்போதோ பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இந்த முறை எல்லா வீட்டுக்கும் ஏற்றதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்லவேண்டும். சிறு வயதில் போய்விட்ட குழந்தைக்கு வீட்டார் பழக்கம் ஒன்றைத் தேடும்போது அந்தத் தேடலே தாயை வதைக்கும். அங்கே பெயரும் தேதியும் போதும். நீண்ட நோயில் கிடந்து இறந்தவரைப் பற்றிக் கேட்டால் கடைசி ஆறு மாதத்துப் பழக்கங்களே முதலில் வரும். மாத்திரை, ஊன்றுகோல், படுக்கை என்று பேச்சு அங்கேயே சுற்றும். அப்போது அவசரப்படாமல், அவர் எழுந்து நடந்த காலத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். சில சமயம் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோதான் நல்ல உடம்போடு இருந்த மனிதர் வெளியே வருகிறார். வெளியூரில் பல காலம் இருந்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகளுக்குத் தகப்பனாரின் பழக்கம் எதுவுமே தெரியாமல் இருப்பதையும் கண்டிருக்கிறேன். அங்கே கடைப் பையனையோ, பால்காரரையோ, எதிர்வீட்டு அம்மாளையோ கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. தினமும் அவரைப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

விளம்பரம் வெளியான அன்று அந்தக் கடைக்கு வந்தவர்களில் பலர் அதைப் பற்றிப் பேசியதாக இளைய மகன் சொன்னார். முப்பது வருஷத்துக்கு முன் கல்யாணத்துக்கு அங்கே வெண்கலப் பானை வாங்கிய ஒருவர், தாம் அவசரப்பட்டு விலை கேட்டதையும், கடைக்காரர் கை காட்டி நிறுத்தியதையும் நினைவுகூர்ந்தாராம்; அந்தப் பானை இன்னும் வீட்டில் பொங்கலுக்கு ஏறுகிறது என்றாராம். அடுத்த ஆண்டுக்கு இதே வாசகமா, வேறொன்றா என்று இப்போதே வீட்டில் பேச்சு நடக்கிறது. மாற்றலாம் என்பது என் அபிப்பிராயம். பெரியவர் சொன்ன கோயில் மணி இருக்கிறது. அவர் நல்ல ஞாபகத்தோடு இருக்கும்போதே அந்தப் பள்ளிக்கூட வழியையும், மணி எந்தக் கோயில் மணி என்பதையும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன்.